சிறை வார ஜெபம்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அக்டோபர் மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையைச் சிறை ஞாயிறு என்கிறார்கள். அன்று தொடங்கும் ஏழு நாளும் சிறை வாரம். 1975 முதல், கிறிஸ்தவ சபைகள் பலவும் ஒன்றாகச் சேர்ந்து, சிறையில் இருப்பவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் நினைத்து ஜெபிக்க ஒதுக்கிய வாரம் இது. ஆண்டுதோறும் ஒரு தலைப்பு, ஒரு துண்டுப் பிரசுரம் என்று மாறிக்கொண்டே இருந்தாலும், வாரத்துக்கென்று எழுதப்பட்ட பொதுவான ஜெபம் ஒன்று உண்டு. நிதானமாக வாசித்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது.

அதன் போக்கு இப்படி. முதலில், எல்லா மனிதருக்கும் விடுதலை தருகிறவர் என்று கடவுளை விளிக்கிறது. பிறகு சிறையில் இருப்பவர்களுக்காக வேண்டுகிறது. பயம், தனிமை என்னும் கட்டுகளை அறுக்கச் சொல்கிறது. கைதிகள், அவர்கள் குடும்பம், நண்பர்கள், சிறை ஊழியர்கள், அக்கறை காட்டும் எல்லாரையும் அன்பால் தாங்கச் சொல்கிறது. அடுத்ததாக, பிறர் செய்த செயலால் காயப்பட்டவர்களை, குறிப்பாகக் குற்றத்துக்கு இரையானவர்களை, குணமாக்கும்படி கேட்கிறது. கடைசியில் ஒருவரை ஒருவர் மன்னிக்கவும், நியாயம் செய்யவும், இரக்கத்தை நேசிக்கவும், தாழ்மையாக நடக்கவும் உதவி கேட்டு முடிகிறது. இந்தக் கடைசிப் பகுதி பழைய ஏற்பாட்டு மீகா தீர்க்கதரிசியின் ஆறாம் அதிகாரத்திலிருந்து வருவது.

கவனித்தால் ஒன்று தெரியும். கைதிகளை வெளியே விடச் சொல்லி இந்த ஜெபம் எங்கும் கேட்கவில்லை. தீர்ப்பு தவறு என்றும் சொல்லவில்லை. அது கேட்பது, உள்ளே இருக்கிற காலத்திலும் மனிதர் மனிதராக நடத்தப்பட வேண்டும், அந்தக் காலத்துக்கு ஒரு முடிவு உண்டு என்று அவர் நம்ப இடமிருக்க வேண்டும் என்பதையே. கண்ணியம், நம்பிக்கை என்று மேடையில் சொன்னால் மெத்தென்று கேட்கும். சிறை மதிலுக்குள் அவற்றுக்குக் கழிவறை, படிவம், தேதி என்று கறாரான பொருள் உண்டு.

ஜெபம் இரண்டு இடங்களில் வாசிக்கப்படுகிறது. சிறைக்குள் இருக்கும் ஆலயத்தில் கைதிகள் முன்னால் ஒரு முறை. ஊர் ஆலயத்தில் சபையார் முன்னால் ஒரு முறை. சிறையில் நடக்கும் வழக்கமான ஞாயிறு ஆராதனைக்குக் குடும்பத்தார் வர முடியாது. கிறிஸ்துமஸ் பாடல் ஆராதனை போன்ற சில சமயங்களில், சிறை நிர்வாகம் இசைந்தால்தான் இரு தரப்பும் ஒரே கூரையின் கீழ் உட்கார முடியும். மற்றபடி ஒரே ஜெபத்தை மகன் உள்ளே கேட்கிறான், அம்மா வெளியே கேட்கிறாள். அந்த அம்மா உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் பக்கத்தில் இருப்பவருக்கு அவள் மகன் எங்கே இருக்கிறான் என்பது பெரும்பாலும் தெரியாது. மகன் வெளியூரில் வேலையாக இருக்கிறான் என்று சொல்லி வைத்திருப்பாள். குடும்பத்தாரையும் நண்பரையும் ஜெபம் தனியே பெயரிட்டுச் சொல்கிறபோது, அந்த ஆலயத்தில் யாருக்கும் தெரியாமல் ஒருத்தி நிமிர்ந்து உட்காருகிறாள். கைதிகளுக்கும் நண்பர்களுக்கும் நடுவே குடும்பத்துக்கு என ஓர் இடம் ஒதுக்கியவர், சிறையை வெளியிலிருந்து பார்த்தவர் இல்லை என்று எனக்குத் தோன்றும்.

அந்தக் குடும்பத்தின் மாதம் எப்படிப் போகிறது என்று பார்க்கலாம். இங்கிலாந்துச் சிறை விதிகளின்படி தண்டனை பெற்ற கைதிக்கு நான்கு வாரத்தில் இரண்டு சந்திப்புகள் உரிமை. நம்மூரில் 'மனு பார்க்கப் போறோம்' என்பார்களே, அதைப் போலத்தான் அங்கேயும் ஒரு அனுமதிச் சீட்டு வேண்டும். சந்திக்க வருபவர் பெயர் அதில் இருக்க வேண்டும். போனதும் பையையும் கைப்பேசியையும் பெட்டகத்தில் பூட்டிவிட்டுச் சோதனைக்கு நிற்க வேண்டும். மோப்ப நாய் வரும். குழந்தையும் அந்த வரிசையில்தான் நிற்கும். உள்ளே போனால் பல சிறைகளில் கைதி பளிச்சென்ற நிறத்தில் ஒரு மேலங்கியோ பட்டையோ போட்டுக்கொண்டு, தனக்கென்று குறித்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். எழுந்து போய்க் கடையில் குழந்தைக்கு ஒரு மிட்டாய் வாங்கித் தரக்கூட அவரால் முடியாது. வாங்க வேண்டியது வந்தவர்தான். மூன்று வயதுப் பிள்ளைக்கு அப்பா ஏன் எழுந்து வரவில்லை என்பது புரியாது. நேரம் முடிந்ததும் முதலில் குடும்பம் வெளியேறும், கைதி உட்கார்ந்தே இருப்பார்.

இதைத் தளர்த்தக் குடும்ப நாள் என்று ஒரு ஏற்பாடு பல சிறைகளில் உண்டு. அன்று தகப்பன் நாற்காலியை விட்டு எழுந்து பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து விளையாடலாம், சேர்ந்து சாப்பிடலாம். ஆனால் இது உரிமை இல்லை. நன்னடத்தையைப் பொறுத்துக் கிடைக்கும் சலுகையாகவே நெடுங்காலம் இருந்தது. 2017இல் லார்டு ஃபார்மர் என்னும் மேலவை உறுப்பினர் அரசுக்குக் கொடுத்த அறிக்கை இதைத்தான் கேள்வி கேட்டது. குடும்ப உறவைத் தண்டனையும் வெகுமதியுமாகப் பயன்படுத்தக் கூடாது, ஒருவர் திரும்பக் குற்றத்தில் விழாமல் இருப்பதற்கு அதுவே முக்கியமான பிடிமானம் என்று அந்த அறிக்கை சொன்னது. பயத்தையும் தனிமையையும் அறுக்கும்படி ஜெபம் கேட்பதும், நாற்காலியை விட்டு எழுந்து போக ஒருவரை அனுமதிப்பதும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன.

கண்ணியத்துக்கு வருவோம். சிறை ஆலயத்தையும் கண்ணியத்தையும் பற்றிப் பேசினால் மான்செஸ்டரில் உள்ள ஸ்ட்ரேஞ்ச்வேஸ் சிறையைத் தவிர்க்க முடியாது. 1990 ஏப்ரல் 1, ஞாயிற்றுக்கிழமை. ஆலயத்தில் முந்நூறு கைதிகள் அளவில் ஆராதனைக்குக் கூடியிருந்தார்கள். சிறைக் குருவானவர் நோயல் புரோக்டர் ஆராதனையை நடத்திக்கொண்டிருந்தார். உபதேசம் முடிந்த வேளையில் ஒரு கைதி ஒலிவாங்கியைப் பிடுங்கிப் பேச ஆரம்பித்தார். சில நிமிடத்தில் ஆலயம் கலவரக்காரர் கையில். அங்கிருந்து சிறை முழுக்கப் பரவி, கூரையில் ஏறி, 25 நாள் நீடித்தது. பிரிட்டிஷ் சிறை வரலாற்றிலேயே மிக நீண்ட கலவரம் அது. ஒரு கைதியும் ஒரு சிறை அதிகாரியும் இறந்தார்கள். காயம்பட்டவர்கள் நூற்றுக்கும் மேல்.

ஏன் ஆலயத்தில் தொடங்கியது? பக்தி இல்லாததால் என்று சொல்லிவிடலாம். உண்மை அதைவிடச் சாதாரணமானது: அவ்வளவு கைதிகள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சேர வாய்ப்பு அங்கேதான் இருந்தது. சுமார் 970 பேருக்கான சிறையில் அன்று 1,600 பேருக்கு மேல் இருந்தார்கள். ஒருவருக்காகக் கட்டிய அறையில் இரண்டு பேர், மூன்று பேர். நாளில் பெரும்பகுதி பூட்டியே கிடந்தார்கள். அறையில் கழிவறை கிடையாது. ஒரு வாளி இருக்கும். இரவெல்லாம் அதில் இருந்து, காலையில் கதவு திறந்ததும் வரிசையாகப் போய்க் கொட்ட வேண்டும். சாப்பாடும் அந்த வாளி இருக்கும் அறையில்தான். இன்னொருவன் பார்த்துக்கொண்டிருக்க வாளியில் உட்காருவதைத்தான் 'தண்டனையின் ஒரு பகுதி' என்று யாரும் எந்தத் தீர்ப்பிலும் எழுதவில்லை.

நீதிபதி வுல்ஃப் விசாரித்து 1991 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தார். பாதுகாப்பு, கட்டுப்பாடு ஆகியவற்றோடு நீதியும் சிறைக்குள் இருக்க வேண்டும், மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் நிற்காது என்பதே அதன் சாரம். அறைக்குள் கழிவறை, வீட்டுக்குப் பக்கத்திலுள்ள சிறையில் வைத்தல், அதிகச் சந்திப்பு, தொலைபேசி வசதி என்று அதன் பரிந்துரைகளில் சில, குடும்பத்தையும் உடம்பையும் பற்றியவை. வாளி கொட்டும் வழக்கம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996இல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. நெரிசல் மட்டும் முடியவில்லை. 2024 செப்டம்பரில் இடம் போதாமல், பல கைதிகளைத் தண்டனையில் பாதிக்குப் பதில் 40 விழுக்காடு முடிந்ததுமே அரசு விடுவிக்க வேண்டியிருந்தது.

நம்பிக்கை இன்னும் கடினமான சமாச்சாரம். தேதி தெரிந்த கைதிக்கு நம்பிக்கை என்பது கணக்கு. நாட்காட்டியில் கோடு போட்டுக்கொண்டே வரலாம். தேதி இல்லாதவருக்கு? 2003ஆம் ஆண்டுக் குற்ற நீதிச் சட்டம் இங்கிலாந்தில் ஒரு புதிய தண்டனையைக் கொண்டு வந்தது. பொதுமக்கள் பாதுகாப்புக்கான சிறைவாசம் என்று பெயர்; ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில் ஐபிபி என்பார்கள். 2005 முதல் நடைமுறைக்கு வந்தது. இதில் நீதிபதி குறைந்தபட்சக் காலம் மட்டும் சொல்வார். அது இரண்டு ஆண்டாக இருக்கலாம், சில மாதங்களாகக்கூட இருக்கலாம். அது முடிந்ததும் விடுதலை இல்லை. இனி ஆபத்து இல்லை என்று பரோல் வாரியத்தை நம்பவைக்கும்வரை உள்ளேயே இருக்க வேண்டும். அப்படி நம்பவைக்கச் சில பயிற்சி வகுப்புகளை முடித்திருக்க வேண்டும். சிக்கல் அங்கேதான். தண்டனை கொடுத்த வேகத்துக்கு வகுப்புகள் இல்லை. அந்த வகுப்பு இருக்கும் சிறைக்கு மாறுதல் கேட்டுக் காத்திருக்கும்போதே குறைந்தபட்சக் காலம் தாண்டிப் போகும். வகுப்பு முடிக்கவில்லை என்பதால் பரோல் இல்லை. வகுப்பே இல்லாததால் முடிக்க வழியில்லை. 2012இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் மூன்று கைதிகள் வழக்கில் இதைச் சுதந்திர உரிமை மீறல் என்றே தீர்த்தது.

8,700 பேருக்கு மேல் இந்தத் தண்டனை விதிக்கப்பட்டது. 2012இல் நாடாளுமன்றம் அதை ஒழித்தது, ஆனால் ஏற்கெனவே பெற்றவர்களுக்கு அது பொருந்தவில்லை. பத்து மாதக் குறைந்தபட்சத்தோடு உள்ளே போன ஒருவர் பதினோரு ஆண்டு கழித்து வெளியே வந்த கதை அந்நாட்டுப் பத்திரிகைகளில் வந்தது. இந்தத் தண்டனையைக் கொண்டு வந்த அன்றைய உள்துறை அமைச்சர் டேவிட் பிளங்கெட் பின்னாளில் அதற்காக வருந்துவதாக வெளிப்படையாகச் சொன்னார். எல்லாருக்கும் புதிதாகத் தண்டனை நிர்ணயிக்க வேண்டும் என்று 2022இல் நாடாளுமன்ற நீதிக் குழு பரிந்துரைத்தது; அரசு ஏற்கவில்லை. வெளியே விடப்பட்டவர்கள்மேல் தொங்கிய கண்காணிப்புக் காலத்தை 2024ஆம் ஆண்டுச் சட்டம் குறைத்தது. உள்ளே இன்னும் தேதி இல்லாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள்.

அப்படி ஒருவர் ஆலயத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று வையுங்கள். எல்லாருக்கும் விடுதலை தருகிறவரே என்று ஜெபம் தொடங்குகிறது. அவர் காதில் அது எப்படி விழும்? இந்த ஜெபத்தில் எனக்கு உறுத்தும் இடம் இதுதான். ஆவிக்குரிய விடுதலை என்று விளக்கம் சொல்லிவிடலாம். இறையியலில் அது சரியும்கூட. ஆனால் விடுதலை என்பதற்கு அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு பொருள்தான் இருக்கிறது, அது பரோல் வாரியத்தின் கடிதம். அவரோடு சேர்ந்து தண்டனை அனுபவிக்கும் மனைவி பிள்ளைகளுக்கும் எதிர்பார்க்க ஒரு தேதி கிடையாது. 'அப்பா எப்ப வருவார்?' என்று கேட்கும் பிள்ளைக்குச் சொல்ல அந்தத் தாயிடம் பதில் இல்லை. அனுபவமுள்ள சிறைக் குருவானவர் அந்த முதல் வரியை வேகமாகக் கடந்து, தாங்கும்படி கேட்கும் பகுதியில் நிறுத்தி வாசிப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

குற்றத்துக்கு இரையானவர்களைப் பற்றிய வரி இருக்கிறதே, அதை எடுத்துவிட்டால் ஜெபம் இன்னும் இதமாக இருக்கும். கைதிகளின் குடும்பங்கள் கூடியிருக்கும் வழிபாட்டில் அதைச் சொல்லக் கூச்சம் வரும். ஆனால் அந்த வரிதான் ஜெபத்தைப் பொய்யாகிவிடாமல் காக்கிறது. அதோடு, இரையானவர்கள் எங்கோ வெளியே இருக்கும் வேறு ஆட்கள் என்றும் நினைத்துவிடக் கூடாது. வீட்டுக்குள் நடந்த வன்முறைக்காக உள்ளே போனவரைப் பார்க்க வருகிறவளே சில சமயம் அடிபட்டவள். மகன் திருடியது அம்மாவின் நகையாகவும் இருக்கலாம். கைதிகளிலும் பலர் சிறு வயதில் வேறு யாராலோ சிதைக்கப்பட்டவர்கள். ஒரே பெஞ்சில் இருவரும், சமயத்தில் ஒரே ஆளுக்குள் இருவரும் இருப்பதால்தான், 'அவர்களை மன்னிக்க' என்று கேட்காமல் ஒருவரை ஒருவர் மன்னிக்க உதவி கேட்கிறது ஜெபம்.

ஊழியர்களையும் கைதிகளோடு ஒரே வாக்கியத்தில் சேர்த்திருப்பது பலருக்கு வியப்பாக இருக்கும். இங்கிலாந்தில் ஒவ்வொரு சிறைக்கும் குருவானவர் ஒருவர் இருக்க வேண்டும் என்று 1952ஆம் ஆண்டுச் சிறைச் சட்டமே சொல்கிறது. புதிதாக வந்தவரைப் பார்ப்பதும், தனிமைப் பிரிவில் இருப்பவர்களை அன்றாடம் போய்ப் பார்ப்பதும் அவர் குழுவின் கட்டாய வேலை. வீட்டில் சாவு நேர்ந்தால் கைதியின் அறைக்குப் போய் அதைச் சொல்ல வேண்டியவரும் பெரும்பாலும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை அந்த ஜெபத்தை வாசிக்கும் அவர் இடுப்பிலும் சாவிக்கொத்து தொங்கும்.

இந்தியாவில் இதற்கு இணையானது கத்தோலிக்கத் திருச்சபை ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு கொண்டாடும் சிறைப்பணி ஞாயிறு. தமிழ்நாட்டுப் பங்குகளிலும் அன்று கைதிகளுக்காக மன்றாடுவார்கள். ஆகஸ்ட் மாதத்தைத் தேர்ந்ததற்கு 14ஆம் தேதி வரும் புனித மாக்சிமிலியன் கோல்பே திருநாள் காரணம். 1941இல் அவுஷ்விட்ஸ் முகாமில், பட்டினி போட்டுக் கொல்லத் தேர்ந்தெடுத்த பத்துப் பேரில் ஒருவர், பிரான்சிசெக் கயோவ்னிசெக், மனைவியையும் பிள்ளைகளையும் நினைத்துக் கதறினார். அவருக்குப் பதிலாகத் தானே போனார் கோல்பே. கயோவ்னிசெக் போரைத் தாண்டி 1995வரை வாழ்ந்தார். 1982இல் கோல்பேக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது உரோமையில் இருந்தார். ஆனால் அவர் யாருக்காகக் கதறினாரோ அந்த இரண்டு மகன்களும் போர் முடிவதற்குள்ளேயே குண்டுவீச்சில் இறந்துவிட்டார்கள். மனைவி மட்டும் திரும்பக் கிடைத்தார். சிறைப்பணியின் காவலரைப் பற்றிப் பேசும் பிரசங்கங்களில் இந்தப் பிற்பகுதி அதிகம் வருவதில்லை. வர வேண்டும் என்பேன்.

நம் ஆலயங்களில் கைதிகளுக்காக ஏறெடுக்கும் வேண்டுதல் பெரும்பாலும் ஒரு பட்டியலுக்குள் சிக்கிக்கொள்ளும். நோயாளிகள், முதியோர், விதவைகள், அனாதைகள், சிறைப்பட்டோர் என்று ஒரே மூச்சில் போய்விடும். கைதியின் குடும்பத்தார் அந்தப் பட்டியலில் எங்கேயும் இருக்கமாட்டார்கள். அவர்களும் கேட்கும் இடத்தில் தமிழில் ஒரு ஜெபம் வாசிக்க வேண்டுமென்றால், ஏறக்குறைய இப்படி எழுதுவேன்:

'ஆண்டவரே, எண்ணைச் சொல்லிக் கூப்பிடும் இடத்திலும் எங்களைப் பெயர் சொல்லி அறிந்திருக்கிறவரே, எங்களைக் கேட்டருளும். உள்ளே இருக்கிற எங்களுக்கு உடம்பை மறைக்க ஒரு சுவரும், தூங்க ஓர் இடமும், சொன்னதைக் கேட்க ஒரு காதும் தாரும். வெளியே இருக்கிற எங்களுக்குப் பஸ் காசும், வரிசையில் நிற்க வலுவும், பிள்ளை கேட்கும் கேள்விக்கு உண்மையான பதிலும் தாரும். எங்களால் காயப்பட்டவர்களை எங்களுக்கு முன்பே விசாரியும். சாவி வைத்திருக்கிறவர்கள் கடுமைக்குப் பழகிவிடாமல் காத்தருளும். நாள் தெரிந்தவர்களுக்குப் பொறுமையும், நாள் தெரியாதவர்களுக்கு ஒரு நாளும் குறித்துத் தாரும். ஆமென்.'

வாசிக்கும்போது இரண்டு காரியங்களைக் கவனிக்க வேண்டும். கைதியின் பெயரையோ குற்றத்தையோ, எந்த வீட்டார் என்பதையோ சொல்லவே கூடாது. நல்லெண்ணத்தோடு 'நம் சபையின் இன்னார் மகனுக்காக' என்று ஒருவர் சொல்லிவிட்டால், அடுத்த ஞாயிறு அந்த அம்மா வேறு ஆலயத்துக்குப் போய்விடுவாள். உள்ளே வாசித்தாலோ, ஒருவர் எதற்காக வந்தவர் என்று பக்கத்து அறைக்காரர்களுக்குத் தெரிவது அவர் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இரண்டாவது, இரையானவர்களைப் பற்றிய வரி முடிந்ததும் சற்று நிறுத்த வேண்டும். தேவாலய ஊழியர் அல்லாத ஒருவர், முடிந்தால் ஒரு கைதியோ விடுதலையான ஒருவரோ, அந்த வரியை மட்டுமாவது வாசிப்பது நல்லது. அதற்கு முந்தைய வாரமே அவரிடம் கேட்டு, மறுத்தால் அதற்கு மேல் வற்புறுத்தாமல் விட்டுவிட வேண்டும்.